முயல் ஏன் ஆமையைத் தாண்டிப் பாய்வதில்லை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சித்தியின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, கணினி படிக்கிறான். கோடைகாலக் கோ-ஒப் வேலைக்காக முதல் நாள் ஒரு சோதனை. திரையைப் பகிர்ந்துகொண்டு, எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, 40 நிமிடத்துக்குள் எழுத வேண்டும். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"எல்லாம் சரியாத்தான் எழுதினனான் அக்கா. நாலு நிமிசத்தில முடிச்சிட்டன். பிறகு அவர் ஏன் ரெண்டும் சந்திக்குது எண்டு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியேல்ல."

கேள்வி நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரு லிங்க்ட் லிஸ்ட் தருவார்கள். அதற்குள் ஒரு வட்டம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். லீட்கோட்டில் இது 141ஆவது கேள்வி. மெதுவாக நடக்கும் ஒரு பாயிண்டர், வேகமாகப் பாயும் ஒரு பாயிண்டர் என்று இரண்டை ஓடவிட்டால் விடை வந்துவிடும். முதலாவதுக்கு ஆமை என்றும் இரண்டாவதுக்கு முயல் என்றும் செல்லப் பெயர்.

இந்தக் கேள்வியைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். "தந்திரம் தெரிந்தால் பாஸ், தெரியாவிட்டால் ஃபெயில், இதில் என்ன திறமை இருக்கிறது?" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான். இப்போது என் எண்ணம் வேறு. கேள்வியில் பிழை இல்லை, நாம் அதற்குத் தயாராகும் விதத்தில்தான் பிழை. ஏழு வரி கோடைப் பாடமாக்குகிறோம். பாடமாக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். கோட் அந்த வசனத்திலிருந்து தானாக வரும்.

அந்த வசனத்துக்கு முன்னால் வட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

லிங்க்ட் லிஸ்ட்டில் ஒவ்வொரு நோட்டுக்கும் அடுத்த நோட் எது என்பது மட்டும்தான் தெரியும். கடைசி நோட்டுக்கு அடுத்தது ஒன்றும் இல்லை, பைத்தானில் அது `None`. ஆனால் கடைசி நோட் தவறுதலாகவோ வேண்டுமென்றோ முன்னால் உள்ள ஒரு நோட்டைக் காட்டினால், நடப்பவர் முடிவையே காணமாட்டார். சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பார். உள்ளே நிற்கும் ஒருவருக்கு இது நீளமான நேர்வழியா, சின்ன வட்டமா என்று ஒரு நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிக்கலே அதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, போன இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டே போவது:

```python
def has_cycle(head):
    seen = set()
    while head:
        if head in seen:
            return True
        seen.add(head)
        head = head.next
    return False
```

இது சரியான விடை. வெட்கப்பட ஒன்றும் இல்லை. எத்தனை நோட் இருக்கிறதோ அத்தனையையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதன் குறை. நேரம் ஓடும் சோதனையில் முதலில் இதை எழுதுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். எழுதிவிட்டு, "இது சரியாக வேலை செய்யும், ஆனால் லிஸ்ட் நீள நீள நினைவகமும் வேண்டும்" என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் "கூடுதல் நினைவகம் இல்லாமல் முடியுமா?" என்று கேட்டால் அப்போது ஆமையையும் முயலையும் கூப்பிடலாம். அதற்கு முன்பே கையில் ஒரு சரியான விடை இருக்கும்.

இனி அந்த வசனம்: ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி ஒன்றால் குறைகிறது.

ஒரு தாளில் ஏழு நோட் வரையுங்கள், 1 முதல் 7 வரை. 1 இலிருந்து 2, 2 இலிருந்து 3 என்று அம்புக்குறி போடுங்கள். 7 இலிருந்து மட்டும் 3 க்குத் திரும்ப ஒரு அம்பு. அப்படியென்றால் 1, 2 இரண்டும் வால். 3, 4, 5, 6, 7 ஐந்தும் வட்டம். ஆமையும் முயலும் 1 இல் தொடங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் ஆமை ஒரு நோட் நகரும், முயல் இரண்டு நோட் நகரும்.

```
step  slow  fast
0     1     1
1     2     3
2     3     5
3     4     7
4     5     4
5     6     6
```

இரண்டாவது அடியில் ஆமை வட்டத்துக்குள் கால் வைக்கிறது, 3 இல். முயல் 5 இல் நிற்கிறது. இப்போது முயல் முன்னால் நிற்கிறது என்று நினைக்காதீர்கள். வட்டத்துக்குள் முன்னால், பின்னால் என்று ஒன்றும் இல்லை. முயல்தான் ஆமையைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 இல் நிற்கும் முயல் 3 க்குப் போக 6, 7, 3 என்று மூன்று நோட் கடக்க வேண்டும். ஆக இடைவெளி 3.

அடுத்த அடியில் முயல் இரண்டு நோட் நெருங்குகிறது, ஆமை ஒரு நோட் விலகுகிறது. மொத்தத்தில் ஒன்று குறைகிறது. மூன்றாவது அடியில் முயல் 7, ஆமை 4. முயலுக்கு 3, 4 என்று இரண்டு நோட் மிச்சம். நான்காவது அடியில் முயல் 4, ஆமை 5. ஒன்று மிச்சம். ஐந்தாவது அடியில் இரண்டும் 6 இல். மிச்சம் ஒன்றும் இல்லை.

3, 2, 1, 0. இவ்வளவுதான் நிரூபணம். வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இடைவெளி ஒரு முழு எண். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறையும் முழு எண் பூச்சியத்தைத் தொடாமல் போக வழியே இல்லை. "முயல் ஆமைக்கு மேலால் பாய்ந்து போய்விடாதா?" என்று கேட்பார்கள். பாய்வதென்றால் இடைவெளி 1 இலிருந்து பூச்சியத்தைத் தாண்ட வேண்டும். ஆனால் 1 க்கு அடுத்தது 0. தாண்ட இடமே இல்லை.

தம்பியிடம் கேட்கப்பட்டது இதைத்தான். அவனிடம் ஏழு வரி இருந்தது, இந்த ஒரு வரி இருக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன எல்லோருக்கும் இது பழகிய விஷயம். பேச்சுப் போட்டிக்கு இரண்டு பக்கம் பாடமாக்கிக்கொண்டு போவோம். என்ன சொல்கிறோம் என்று நமக்கே தெரியாது. நடுவில் ஒரு சொல் மறந்தால் அவ்வளவுதான், அடுத்தது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மேடையில் நின்றபடி அம்மாவைத் தேடுவோம். பாடமாக்கிய கோடும் அப்படித்தான் உடையும். எனக்கு அது உடைந்த கதையைச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நிறுவனத்தின் இணையவழிச் சோதனை எழுதினேன். மூன்று கேள்வி, 70 நிமிடம். இரண்டாவது கேள்வி இதுதான். முதல் கேள்வியிலேயே 40 நிமிடம் போய்விட்டது, கை நடுங்கியது. பாடமாக்கியதை ஒப்பித்தேன்:

```python
while fast and fast.next:
    if slow is fast:
        return True
    slow = slow.next
    fast = fast.next.next
return False
```

வரிகள் எல்லாம் இருக்கின்றன. ஒழுங்கு மட்டும் மாறிவிட்டது. நகர்வதற்கு முன்பே சந்தித்துவிட்டார்களா என்று கேட்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில்தானே தொடங்கின, எனவே முதல் சுற்றிலேயே ஆம் என்று விடை வரும். லிஸ்ட்டில் வட்டம் இருந்தாலும் ஆம், இல்லாவிட்டாலும் ஆம். இரண்டு நோட் இருந்தாலே போதும், என் கோட் வட்டத்தைக் கண்டுபிடித்துவிடும்!

தெரியாமல் போனது ஏன்? மாதிரிக்குத் தந்த இரண்டு உதாரணங்களிலும் வட்டம் இருந்தது. இரண்டும் பச்சை காட்டின. அனுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பின்னால் மறைத்து வைத்திருந்த உதாரணங்களில் வட்டம் இல்லாதவை எல்லாம் பிழைத்திருக்கும். அன்றிரவு வீட்டில் திரும்ப எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. "இடைவெளி ஒன்றால் குறைகிறது" என்பது தலையில் இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. குறைவதற்கு முதலில் நகர வேண்டும் அல்லவா? நகர்ந்த பிறகுதான் கேள்வி. ஒழுங்கை நினைவு வைக்கத் தேவையே இல்லை, காரணமே ஒழுங்கைச் சொல்லிவிடுகிறது.

சரியான வடிவம் இது:

```python
def has_cycle(head):
    slow = fast = head
    while fast and fast.next:
        slow = slow.next
        fast = fast.next.next
        if slow is fast:
            return True
    return False
```

இதிலே இரண்டு இடங்களைக் காரணத்தோடு பார்க்க வேண்டும். சோதனைகளில் நம்மைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

முதலாவது, `while` வரியில் ஏன் இரண்டு நிபந்தனை? வட்டம் இல்லாத லிஸ்ட்டில் முயல்தான் முதலில் முடிவுக்குப் போகும், எனவே முயலை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் முயல் முடிவை அடைய இரண்டு விதம் உண்டு. மூன்று நோட் உள்ள லிஸ்ட்டில் முயல் 1 இலிருந்து 3 க்குப் போகும். 3 தான் கடைசி, அதற்கு அடுத்தது `None`. அங்கே `fast.next` நம்மை நிறுத்துகிறது. நான்கு நோட் உள்ள லிஸ்ட்டில் முயல் 1, 3 என்று போய், அடுத்த பாய்ச்சலில் 4 ஐத் தாண்டி `None` இலேயே விழுகிறது. அங்கே `fast` நம்மை நிறுத்துகிறது. ஒற்றைக்கு ஒன்று, இரட்டைக்கு ஒன்று. ஒழுங்கும் முக்கியம். `fast.next` ஐ முதலில் எழுதினால், நான்கு நோட் லிஸ்ட்டில் `None` இடம் போய் அடுத்தவர் யார் என்று கேட்கிறீர்கள். இந்த வரி வரும்:

```
AttributeError: 'NoneType' object has no attribute 'next'
```

சோதனையில் இந்த வரியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். முதலில் `while` வரிக்குப் போங்கள்.

இரண்டாவது, சந்திப்பு என்றால் என்ன? ஒரே நோட்டில் நிற்பது. ஒரே எண்ணைக் காண்பது அல்ல. அவசரத்தில் பலர் `slow.val == fast.val` என்று எழுதிவிடுவார்கள். 7, 7, 7 என்று மூன்று நோட் உள்ள, வட்டமே இல்லாத ஒரு லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் ஆமை இரண்டாவது நோட்டிலும் முயல் மூன்றாவது நோட்டிலும் நிற்கும். இரண்டிலும் 7. கோட் வட்டம் என்று சொல்லிவிடும். மாதிரி உதாரணங்களில் எண்கள் எல்லாம் வேறு வேறாக இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. நாங்கள் படித்த வகுப்பில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்றா? `is` என்று எழுதினால் ஆளைப் பார்க்கிறோம்.

இனித் தம்பியின் கதைக்கு வருவோம். அவனுக்கு இரண்டாவது கேள்வியும் வந்தது: "முயல் இரண்டுக்குப் பதில் மூன்று மூன்றாகப் பாய்ந்தால் என்ன ஆகும்?" அவன், "இன்னும் கெதியாச் சந்திக்கும்" என்று சொல்லியிருக்கிறான். நியாயமான ஊகம்தான், ஆனால் பிழை. அவன் எழுதியிருந்த கோடைப் பொறுத்தவரை அது பெரிய பிழை. இணையத்தில் பரவலாக இருக்கும் இன்னொரு வடிவத்தை அவன் பாடமாக்கியிருந்தான். அதில் ஆமை `head` இலும் முயல் ஒரு நோட் தள்ளி `head.next` இலும் தொடங்கும்.

அவனையும் மேசையில் இருத்தித் தாளில் வரைந்து பார்த்தோம். நான்கு நோட், 4 இலிருந்து 1 க்கு அம்பு. முழு லிஸ்ட்டும் ஒரே வட்டம். ஆமை 1 இல், முயல் 2 இல். முயல் ஆமையிடம் போக 3, 4, 1 என்று மூன்று நோட். இடைவெளி 3. முயல் மூன்று பாய்ந்து ஆமை ஒன்று நகர்ந்தால் இடைவெளி இரண்டால் குறையும், ஒன்றால் அல்ல. முதல் அடியில் ஆமை 2, முயல் 1. இடைவெளி 1. அடுத்த அடியில் ஆமை 3, முயல் 4. முயல் ஆமையைத் தாண்டிவிட்டது! இடைவெளி திரும்ப 3. அதற்கடுத்து 1. பிறகு 3. விடியும்வரை 3, 1, 3, 1 தான். சோதனைத் திரையில் நேரம் முடிந்தது என்று மட்டும் காட்டும், காரணம் காட்டாது.

தம்பி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒற்றை எண்ணில இருந்து ரெண்டு ரெண்டாக் குறைச்சால் பூச்சியம் வராதுதானே" என்றான். அதுதான் முழு விடையும். வட்டத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையில் நோட் இருந்து, இடைவெளி ஒற்றைப்படையாக இருந்தால் அவை சந்திக்கவே மாட்டா. இரண்டும் ஒரே நோட்டில் தொடங்கினால் இந்த ஆபத்து இல்லை. அப்போது இரட்டைப்படை வட்டத்தில் இடைவெளியும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஒற்றைப்படை வட்டத்தில் ஒரு தடவை தாண்டினாலும் அடுத்த சுற்றில் பிடித்துவிடும். ஆனால் இரண்டு இரண்டாகப் பாயும் முயலுக்கு இந்தக் கணக்கு ஒன்றுமே தேவையில்லை. எங்கே தொடங்கினாலும் ஒன்று ஒன்றாகக் குறைந்து பூச்சியத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஏன் மூன்று வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த விடையைப் பாடமாக்கி யாரும் போக முடியாது. அடுத்தவர் நான்கு என்று கேட்பார். வசனம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே தாளில் கண்டுபிடித்துவிடுவார்.

பெரும்பாலும் இதைத் தொடர்ந்து வரும் இன்னொரு கேள்வி, வட்டம் எங்கே தொடங்குகிறது என்பது. லீட்கோட்டில் 142. இதன் விடையும் மந்திரம் போலத்தான் இருக்கும்: சந்தித்த பிறகு ஒரு பாயிண்டரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள், இரண்டையும் ஒவ்வொரு நோட்டாக நடத்துங்கள், அவை சந்திக்கும் இடம்தான் வட்டத்தின் வாசல். நமது ஏழு நோட்டில் பார்ப்போம். சந்திப்பு 6 இல் நடந்தது. ஒன்றை 1 க்குக் கொண்டுவருகிறோம். அடுத்த அடியில் 2 உம் 7 உம். அதற்கடுத்து 3 உம் 3 உம். வட்டத்தின் வாசல் 3.

ஏன்? சந்திக்கும்போது ஆமை 5 அடி நடந்திருந்தது, முயல் 10. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன, எனவே முயல் கூடுதலாக நடந்த 5 உம் முழுச் சுற்றாகத்தான் இருக்க வேண்டும். அதாவது ஆமை மொத்தமாக நடந்ததே ஒரு முழுச் சுற்றின் நீளம். இன்னும் இரண்டு நோட் நடந்தால் ஆமை தொடக்கத்திலிருந்து 7 அடி வந்திருக்கும். புதிதாகத் தொடங்கியவர் 2 அடி வந்திருப்பார், அதாவது வாசலுக்கு. 7 க்கும் 2 க்கும் வித்தியாசம் ஒரு முழுச் சுற்று. அப்படியென்றால் இருவரும் ஒரே வாசலில். பெரிய வட்டத்திலும் நீளமான வாலிலும் சுற்று ஒன்றுக்கு மேல் ஆகலாம், காரணம் மாறாது.

இப்போது என்னோடு வாதாடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை.

"வேலையில் யார் இதைப் பயன்படுத்துகிறார்கள்? `set` போட்டால் முடிந்தது" என்பீர்கள். பெரும்பாலும் உண்மை. 10,000 நோட் உள்ள லிஸ்ட்டுக்கு `set` ஒரு சுமையே அல்ல. ஆமை, முயல் சேர்ந்து நோட் விட்டு நோட் நகர்வதும் கிட்டத்தட்ட 30,000 தடவை வரை போகலாம். வேகத்துக்காக இதை எடுக்கிறோம் என்று சோதனையில் சொல்லாதீர்கள், மிச்சமாவது நினைவகம் மட்டும்தான். ஆனால் எழுதி வைக்கவே முடியாத அளவுக்கு நீளமான தொடர்களும் உண்டு. 1975 இல் ஜோன் பொலார்ட் பெரிய எண்களின் காரணிகளைக் கண்டுபிடிக்க ஒரு முறை வெளியிட்டார். அதில் எண்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்து கடைசியில் வட்டத்தில் விழும். அந்த வட்டத்தைப் பிடிக்க அவர் எடுத்தது நமது ஆமையையும் முயலையும்தான். 1980 இல் ரிச்சர்ட் பிரென்ட்டும் பொலார்டும் சேர்ந்து, அந்த முறையின் திருத்திய வடிவத்தால் 78 இலக்கமுள்ள ஒரு எண்ணை உடைத்தார்கள். எட்டாவது ஃபெர்மா எண், 2^256 + 1. போன இடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு போயிருந்தால் நினைவகம் தாங்கியிராது.

"பெரிய மேதைகள் கண்டுபிடித்ததை 20 நிமிடத்தில் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டுமா?" என்பது இரண்டாவது வாதம். இதில் நியாயம் இருக்கிறது. டொனால்ட் நூத் 1969 இல் வெளியான தனது புத்தகத்தில் இந்த முறையை றொபர்ட் ஃப்ளொய்டுடையது என்று சொல்கிறார். ஃப்ளொய்ட் தானே வெளியிட்ட கட்டுரைகளில் இது இல்லை. அவர் 1978 இல் டியூரிங் விருது வாங்கியவர். அவருக்குத் தோன்றியது வெள்ளிக்கிழமை மாலை நேரம் ஓட ஓட நமக்கும் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆகவே சோதனை வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: கோடை மட்டும் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். அது முன்பே பார்த்தவரையும் பார்க்காதவரையும் பிரிக்கும், வேறொன்றையும் பிரிக்காது. தந்திரத்தை நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏன் சந்திக்கிறது என்று கேளுங்கள். தம்பியைச் சோதித்தவர் கேட்டது நல்ல கேள்வி. அவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கவலைதான், ஆனால் அந்த மனிதர்மேல் கோபம் இல்லை.

சோதனைக்கு உட்காரும் நமக்கு நான் சொல்வது இது. கோடை அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து லிஸ்ட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள்: ஒன்றுமே இல்லாத லிஸ்ட், தனியாக ஒரு நோட், தன்னையே காட்டும் ஒரு நோட், வட்டமில்லாத இரண்டு நோட், 7, 7, 7. என் பிழையை நான்காவது பிடித்திருக்கும். எண்ணை ஒப்பிடும் பிழையை ஐந்தாவது பிடிக்கும். தரப்பட்ட மாதிரிகள் பச்சை காட்டுவதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள், நான் அப்படித்தான் போனேன்.

தம்பிக்கு அடுத்த சோதனை வருகிற கிழமை. போகும்போது அவனுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டேன், அதையே உங்களுக்கும் தருகிறேன். பத்து நோட் வரையுங்கள், 10 இலிருந்து 4 க்கு அம்பு போடுங்கள். இரண்டும் 1 இல் தொடங்கட்டும். ஆமை வட்டத்துக்குள் வரும்போது இடைவெளி எவ்வளவு என்று மட்டும் எண்ணுங்கள். மிச்சத்தை நடத்திப் பார்க்காமலே அவை எங்கே சந்திக்கும் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

விடை 8. தம்பி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டான்.